நிச்சயதார்த்தச் செய்தி எழுதப் போய்...

நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். வீட்டுக் கணக்கும் கடிதமும் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அப்படிப்பட்ட நான், தங்கையின் நிச்சயதார்த்தச் செய்தியை ஐம்பது வார்த்தைக்குள் எழுத வேண்டி வந்தது. அதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். (பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

நானும் தங்கை கவிதாவும் ஒரே பெண்கள் பள்ளியில் படித்தவர்கள். அங்கே பழைய மாணவியர் சங்கம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு மூன்று முறை நாலு பக்கத்தில் செய்திமடல் அச்சிட்டு அனுப்புவார்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, எந்த டீச்சர் ஓய்வு பெற்றார் என்பதெல்லாம் கடைசிப் பக்கத்தில் வரும். எங்கள் வீட்டில் முதலில் படிக்கிறதே அந்தப் பக்கத்தைத்தான்.

கவிதாவுக்கு 2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அப்பா இல்லாததால் சித்தப்பாவும் சித்தியும் முன்நின்று தட்டு மாற்றினார்கள். அம்மா சமையல்கட்டு வாசலிலேயே நின்று பார்த்தாள். "நீயும் வாம்மா"ன்னு நான் கூப்பிட்டதுக்கு, "நல்ல காரியத்துல எதுக்கு?" என்று உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் சித்தப்பா ஒரு தாளை நீட்டினார். "செய்திமடலுக்கு எழுதிட்டேன், அனுப்பிடும்மா" என்றார். "நிகழும் மங்களகரமான குரோதி வருடம் ஆவணி மாதம் 23-ஆம் நாள்" என்று தொடங்கியது. "காலஞ்சென்ற சுந்தரம் அவர்களின் கனிஷ்ட குமாரத்தி சௌபாக்கியவதி கவிதாவுக்கும்" என்று போய், மாப்பிள்ளையின் படிப்பு, சம்பளம், சொந்த வீடு எல்லாம் முடித்து, "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம்" என்று முடிந்தது. முழு ஒரு பக்கம். அதில் அம்மா பெயர் எங்குமே இல்லை.

சித்தப்பா பாசத்தில் எழுதியதுதான். ஆனால் அது பத்திரிகை அடிக்கிற நடை. பத்திரிகை, இனி நடக்கப் போவதற்கு வரச் சொல்வது. செய்திமடலில் வருவது நடந்து முடிந்ததைத் தெரிவிப்பது. இங்கே "வந்திருந்து வாழ்த்த" என்று போட்டால், சங்கத்தில் இருக்கிற அத்தனை பேரையும் கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும். வருகிறவர்களுக்கு இலை போட வேண்டாமா? போடாவிட்டால் மனஸ்தாபம்.

இன்னொன்று, நாம் அனுப்பி இரண்டு மாதம் கழித்துத்தான் மடல் கைக்கு வரும். "நேற்று முன்தினம்", "வருகிற மாதம்" என்றெல்லாம் எழுதினால் படிக்கும்போது தப்பாகிவிடும். அதனால் தேதியும் வருஷமும் எண்ணில் வேண்டும். கல்யாணத்துக்கு மண்டபம் இன்னும் கிடைக்காததால், தேதி போடாமல் தை மாதம் என்பதோடு நிறுத்தினேன்.

சம்பளத்தையும் சொந்த வீட்டையும் அடித்தேன். "அதுல என்னம்மா தப்பு?" என்றார் சித்தப்பா. கூடப் படித்தவர்களில் கல்யாணம் தள்ளிப் போகிறவர்களும் படிப்பார்கள் சித்தப்பா என்றேன். வீட்டு விலாசமும் போன் நம்பரும்கூட வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். கல்யாண நகை இருக்கிற வீட்டுக்கு நாமே வழிகாட்டுவானேன்?

அடுத்து யாரை முதலில் போடுவது என்ற கேள்வி. அந்த மடலைப் படிக்கிறவர்களுக்குச் சுந்தரமும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது. எஸ்.கவிதாவைத்தான் தெரியும். அதுவும் எந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள் என்று சொன்னால்தான், "அட, கடைசி பெஞ்சு கவிதா!" என்று ஞாபகம் வரும். ஒரே வருஷத்தில் நாலு கவிதா இருந்திருப்பார்களே! ஆகவே பள்ளியில் இருந்த அதே இனிஷியலோடு அவள் பெயர் முதலில், பக்கத்தில் படித்த வருஷம்.

அப்புறம் அம்மா. "காலஞ்சென்ற சுந்தரம் - லட்சுமி தம்பதியரின் இளைய மகள்" என்று எழுதி, படித்துக்காட்ட செய்திமடல் பொறுப்பில் இருக்கும் டீச்சருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "அம்மாவும் தவறிட்டாங்களா?" என்பதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பப் படித்தால் உண்மைதான். முன்னால் வருகிற "காலஞ்சென்ற" இரண்டு பேர் மேலும் விழுகிறது. டீச்சர்தான் வழி சொன்னார். உயிரோடு இருப்பவர் பெயரை முதலில் எழுதி, "தம்பதியர்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டால் குழப்பம் இல்லை. அப்படி மாற்றியதில் அம்மா பெயர் அப்பா பெயருக்கு முன்னால் வந்துவிட்டது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது, சித்தப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை!

அனுப்புவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு முழுதாகப் படித்துக் காட்டினேன். இது அவசியம். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பூ வைத்த வாரமே இப்படிச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கொடுக்கல் வாங்கலில் பேச்சு முறிந்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மடல் அச்சாகி வந்து, பார்த்தவர்கள் எல்லாம் "எப்போ கல்யாணம்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டுத் துளைத்துவிட்டார்கள். அதனால் நிச்சயம் முடிந்த பிறகே அனுப்பினேன். எந்தத் தேதிவரை திருத்தவோ நிறுத்தவோ முடியும் என்று டீச்சரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்தும் வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா தன் பெயரை 'விஜயா' என்று போடாதே, 'விஜயலட்சுமி' என்று முழுசாகப் போடு என்றார். நல்லவேளை கேட்டேன். கடைசியில் அனுப்பியது இதுதான்:

"எஸ்.கவிதா (பிளஸ் டூ, 2014-15), எம்.முருகன் ஆகியோரின் நிச்சயதார்த்தம் 8-9-2024 அன்று கும்பகோணத்தில் நடந்தது. கவிதா, திருமதி லட்சுமி, காலஞ்சென்ற திரு. சுந்தரம் ஆகியோரின் இளைய மகள். தஞ்சாவூரில் செவிலியராகப் பணிபுரிகிறார். முருகன், திருச்சி திரு. மாணிக்கம், திருமதி விஜயலட்சுமி ஆகியோரின் மகன். திருமணம் 2025 தை மாதத்தில் நடைபெற உள்ளது."

எண்ணிப் பாருங்கள், ஐம்பதுக்குள் அடங்கிவிடும்.

மாப்பிள்ளை வேலை பார்க்கும் தொழிற்சாலையிலும் மாதாமாதம் ஒரு மடல் போடுகிறார்களாம். "அண்ணி, அதையே அங்கேயும் குடுத்துடட்டுமா?" என்று கேட்டார். அப்படியே கொடுத்தால் அங்கே யாருக்கு என் தங்கையைத் தெரியும்? அவர் பெயரையும் அவர் பிரிவையும் முன்னால் போட்டு, பிளஸ் டூ வருஷத்தை எடுத்துவிட்டு, "செவிலியர் எஸ்.கவிதாவுடன்" என்று திருப்பி எழுதிக் கொடுத்தேன். இரண்டு அம்மாக்கள் பெயரும் அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மடல் தீபாவளியை ஒட்டி வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். விரலை வைத்து மூன்றாம் முறையும் படித்தாள்.

"திருமதின்னு போட்டிருக்கியே, போடலாமாடி?"

"ஏம்மா, போடக்கூடாதா?"

பதில் சொல்லவில்லை. தாளை நாலாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு, "சித்தப்பாகிட்ட காட்டினியா?" என்றாள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்