துள்ளும் பந்து: முப்பரிமாண அசைவூட்டத்தில் முதல் முயற்சி

கையிலிருந்து நழுவிய பந்து தரையில் பட்டு எழுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதே காட்சியைக் கணினித் திரையில் உருவாக்கும்போது, பந்து சில வேளைகளில் காற்றடைத்த பலூனைப் போல மிதந்து இறங்குகிறது. வடிவமும் வண்ணமும் ஒளியும் சரியாக இருந்தும் அதற்கு எடை இருப்பதாகக் கண் நம்புவதில்லை. இதன் காரணத்தை அறிந்து திருத்துவதே அசைவூட்டக் கலையின் முதற்பாடம்.

இப்பயிற்சிக்குப் பிளெண்டர் என்னும் மென்பொருள் போதுமானது. நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரூசண்டால் உருவாக்கிய இம்மென்பொருள், 2002ஆம் ஆண்டு முதல் கட்டற்ற மென்பொருளாக வழங்கப்படுகிறது. இதனை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம்.

காட்சியை அமைத்தல்

பிளெண்டரைத் திறந்ததும் ஒரு கனசதுரம், ஒரு விளக்கு, ஒரு கேமரா ஆகிய மூன்றும் திரையில் தோன்றும். கனசதுரத்தைத் தேர்ந்தெடுத்து X விசையால் நீக்கிவிட வேண்டும். பின்னர் Shift+A விசைகளை அழுத்தினால் பொருள்களைச் சேர்க்கும் பட்டியல் திறக்கும். அதில் Mesh என்னும் பிரிவிலிருந்து Plane என்பதைத் தரையாகவும் UV Sphere என்பதைப் பந்தாகவும் சேர்க்கலாம். சேர்த்தவுடன் திரையின் இடப்புறம் கீழே தோன்றும் சிறு பெட்டியில் தரையின் அளவை 20 மீட்டர் எனவும் பந்தின் ஆரத்தை 0.5 மீட்டர் எனவும் குறிக்க வேண்டும்.

பிளெண்டரில் ஒரு பொருளின் இருப்பிடம் X, Y, Z என்னும் மூன்று எண்களால் குறிக்கப்படுகிறது. இவற்றுள் Z என்பது உயரம். அந்த எண் பந்தின் மையத்தைக் குறிக்கிறதேயன்றி அடிப்பகுதியைக் குறிப்பதில்லை. ஆகவே, தரையின் உயரம் 0 எனில், தரையைத் தொடும் பந்தின் Z மதிப்பு 0.5 ஆகும். அங்கே 0 என இட்டால் பாதிப் பந்து தரைக்குள் புதைந்து நிற்கும்.

திறவுச் சட்டகங்கள்

அசைவூட்டம் என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் அசையாப் படங்களின் தொடர். ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம் எனப்படும். பிளெண்டரின் இயல்பான அமைப்பில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. அவை அனைத்தையும் கலைஞர் அமைக்க வேண்டியதில்லை. இன்றியமையாத நிலைகளை மட்டும் அவர் குறித்தால் இடைப்பட்டவற்றைக் கணினியே கணித்து நிரப்பும். அவ்வாறு குறிக்கப்படும் நிலையே திறவுச் சட்டகம்.

எந்தச் சட்டகத்தில் பந்து எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை இயற்பியல் கூறுகிறது. ஓய்விலிருந்து விழும் பொருள் முதல் நொடியில் ஏறத்தாழ 4.9 மீட்டர் இறங்கும். ஒரு நொடி என்பது 24 சட்டகங்கள். எனவே, 1ஆம் சட்டகத்தில் 5.4 மீட்டர் உயரத்தில் இருக்கும் பந்து 25ஆம் சட்டகத்தில் தரையைத் தொடும். ஒவ்வொரு துள்ளலிலும் அது முந்தைய உயரத்தில் பாதி அளவே எழுவதாகக் கொள்வோம். உயரம் பாதியாவதால் நேரமும் பாதியாகிவிடாது. விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே அது ஏறத்தாழ 0.7 மடங்காகும். இவ்வாறு 24 சட்டகங்கள் அடுத்து 17 ஆகவும் பின்னர் 12 ஆகவும் குறைகின்றன.

| சட்டகம் | பந்தின் நிலை | Z மதிப்பு |
|---|---|---|
| 1 | உச்சி | 5.4 |
| 25 | தரை | 0.5 |
| 42 | உச்சி | 2.95 |
| 59 | தரை | 0.5 |
| 71 | உச்சி | 1.725 |
| 83 | தரை | 0.5 |

N விசையை அழுத்தினால் வலப்புறம் Location மதிப்புகள் தோன்றும். கீழேயுள்ள காலக்கோட்டில் உரிய சட்டகத்துக்குச் சென்று, Z மதிப்பை மாற்றி, சுட்டியை அம்மதிப்பின்மேல் வைத்து I விசையை அழுத்தினால் திறவுச் சட்டகம் பதிவாகும். ஆறு நிலைகளையும் பதிந்தபின், காலக்கோட்டின் End மதிப்பை 83 ஆக்க வேண்டும். இப்போது இடவெளி விசையை அழுத்தினால் பந்து அசையும்.

பந்து மிதப்பது ஏன்?

அசைந்தாலும் அது துள்ளுவதில்லை. தரையை நெருங்கும்போது வேகம் குறைந்து, மெத்தையில் அமர்வதுபோல மெல்லத் தொட்டு எழுகிறது. எண்கள் சரியாக இருந்தும் இவ்வாறு நிகழக் காரணம், கணினி இடைச் சட்டகங்களை நிரப்பும் முறையே. இயல்பாக அது Bezier என்னும் வளைவைப் பயன்படுத்துகிறது. அவ்வளைவு இங்கு ஒவ்வொரு திறவுச் சட்டகத்திலும் மெல்லத் தொடங்கி மெல்ல முடிகிறது. உச்சியில் அது பொருத்தமானதே; அங்கே பந்து ஒரு கணம் நின்று திரும்புகிறது. தரையிலோ பந்தின் வேகம் மிகுதியாக இருக்க வேண்டும்.

இதனைத் திருத்த Graph Editor என்னும் பகுதியைத் திறந்தால், பந்தின் உயரம் ஒரு வளைகோடாகத் தெரியும். ஒரு திறவுச் சட்டகத்துக்கு இடும் அமைப்பு, அதிலிருந்து அடுத்த திறவுச் சட்டகம் வரையுள்ள பகுதியை ஆள்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். முதலில் எல்லாத் திறவுச் சட்டகங்களையும் தேர்ந்தெடுத்து, T விசையை அழுத்தி Quadratic என்பதை அமைக்க வேண்டும். பிறகு உச்சியில் உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, Ctrl+E விசைகளை அழுத்தி Ease In எனவும், தரையில் உள்ளவற்றுக்கு Ease Out எனவும் இட வேண்டும். முன்னது மெல்லத் தொடங்கி விரைந்து முடியும் வீழ்ச்சி; பின்னது விரைந்து தொடங்கி மெல்ல முடியும் எழுச்சி.

திருத்தம் சரியா என்பதை எண்ணாலேயே சோதிக்கலாம். 13ஆம் சட்டகம் முதல் வீழ்ச்சியின் பாதி நேரம். பாதி நேரத்தில் பொருள் பாதித் தூரம் அன்று, நான்கில் ஒரு பங்குத் தூரமே விழும். எனவே, பந்து 1.225 மீட்டர் இறங்கி Z மதிப்பு 4.175 எனக் காட்ட வேண்டும். திருத்துவதற்கு முன் அது 3 மீட்டரை ஒட்டியே இருந்திருக்கும். வளைகோட்டிலும் மாற்றம் புலப்படும்: உச்சிகள் வட்டமாகவும் தரையைத் தொடும் இடங்கள் V வடிவில் கூர்மையாகவும் அமைந்திருக்கும்.

காட்சியைப் படமாக்குதல்

பந்தின் உச்சியும் தரையும் ஒருசேரத் தெரியும்படி பார்வையைத் திருப்பி, View பட்டியலின் Align View பிரிவில் Align Active Camera to View என்பதைச் சொடுக்கினால் கேமரா அவ்விடத்துக்கு வந்துவிடும். F12 விசையால் ஒரு சட்டகத்தை மட்டும் படமாக்கிப் பார்ப்பது நல்லது. பந்தின் நிழல் தரையில் விழவேண்டும். நிழல் இல்லையேல் பந்து தரையைத் தொடும் கணம் கண்ணுக்குத் தெளிவாகாது.

முழுக் காட்சியையும் ஒரே காணொளிக் கோப்பாக எழுதாமல், PNG படங்களாகச் சேமிப்பதே பாதுகாப்பு. ஒரு சட்டகத்துக்கு 10 நொடி ஆனால், 83 சட்டகங்களுக்கு ஏறத்தாழ 14 நிமிடங்கள் ஆகும். இடையில் மின்சாரம் தடைப்பட்டால் எழுதி முடியாத காணொளிக் கோப்பு பயனற்றுப் போகலாம். படங்களாகச் சேமித்திருந்தால் 60 படங்கள் முடிந்த நிலையில் தடைப்பட்ட வேலையை, Start மதிப்பை 61 ஆக்கித் தொடரலாம். சேமிக்கும் கோப்புறையைக் குறித்து Ctrl+F12 விசைகளை அழுத்தினால் பணி தொடங்கும். முடிவில் அப்படங்களைப் பிளெண்டரின் Video Sequencer பகுதியில் வரிசைப்படுத்தினால் மூன்றரை நொடிக் காணொளி கிடைக்கும்.

இம்மூன்றரை நொடிக்குள் பந்தின் வடிவமோ வண்ணமோ எங்கும் மாறவில்லை. இரு நிலைகளுக்கு இடைப்பட்ட சட்டகங்களில் அது எங்கே இருக்கிறது என்பது மட்டுமே மாறியது. பலூனாக மிதந்த உருண்டைக்குப் பந்தின் எடையைத் தந்தது அந்த மாற்றமே.