பறவை மன்றத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி?

முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்களில் கல்லூரி மன்றங்கள் ஆள் பிடிக்கக் கிளம்பிவிடும். வகுப்பில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டால் பக்கத்திலிருப்பவர் எழுதியதைப் பார்த்து மொத்த வகுப்புமே பெயர் எழுதிவிடும். அந்தப் பெயர்களில் எத்தனை பேர் காலை ஆறரை மணிக்கு வந்து நிற்பார்கள் என்பது வேறு கதை. பறவை பார்க்கும் மன்றத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. இங்கே மேடை கிடையாது, பரிசும் கிடையாது. அதனால் தாளில் உள்ள எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதல் நடைக்கு எத்தனை பேரை வரவழைக்கலாம் என்று கணக்குப் போடுவதுதான் சரி.

வகுப்பில் பேச ஆசிரியர் இரண்டு நிமிடம் கொடுப்பார். அதில் மன்றத்தின் வரலாறு, நோக்கம் என்று இறங்கினால் பின் பெஞ்சுக்காரர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள். அந்த வளாகத்தில் இருக்கும் ஒரு பறவையிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாட்டின் பழைய கல்லூரிகள் பலவற்றில் பொந்து விழுந்த பெரிய மரம் ஒன்றாவது இருக்கும், அதில் புள்ளி ஆந்தை இருக்க வாய்ப்புண்டு. அது உங்கள் வளாகத்தில் இருப்பதை நேரில் உறுதி செய்துகொண்டு இப்படிச் சொல்லலாம்:

“கேன்டீனுக்குப் பின்னால இருக்கற அரசமரத்தைத் தினமும் தாண்டித்தான் போறீங்க. அந்தப் பொந்துல ரெண்டு ஆந்தை இருக்கு, பகல்லயே வெளிய எட்டிப் பார்க்கும். நாளைக்குச் சாப்பாட்டு இடைவேளைல பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்த மரத்தடிக்கு வாங்க, காட்டறோம். பைனாகுலர் நாங்க கொண்டு வர்றோம். கால் மணி நேரம்தான், சாப்பிடவும் நேரம் இருக்கும்.”

இதில் பறவை, இடம், நேரம் மூன்றும் வந்துவிட்டன. “நாளைக்கு” என்ற சொல் முக்கியம். அடுத்த வாரம் என்றால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆந்தை கூடு வைக்கும் காலத்தில் கூட்டமாக மரத்தடியில் போய் நிற்கக் கூடாது. பருவத்தொடக்கத்தில் பெரும்பாலும் அந்தச் சிக்கல் இராது. இருந்தாலும் பத்தடி தள்ளியே நில்லுங்கள்.

சாப்பாட்டு இடைவேளையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பறவை பார்க்க அதிகாலைதான் நல்ல நேரம். ஆனால் வீட்டிலிருந்து வருபவர்களைக் கல்லூரிப் பேருந்து எட்டரைக்குத்தான் கொண்டுவந்து விடும், நாலரைக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடும். பெண்கள் விடுதியில் காலை ஆறு மணிக்கு வெளியே வர வார்டனின் அனுமதி வேண்டும். காலை நடையை மட்டுமே வைக்கும் மன்றம் கொஞ்ச நாளில் ஆண்கள் விடுதியின் மன்றமாகிவிடும். உச்சி வெயிலில் பறவைகள் குறைவாகத்தான் தென்படும். ஆனாலும் மைனா, சின்னான், பஞ்சுருட்டான், வானில் வட்டமிடும் கரும்பருந்து என்று புதியவருக்குப் போதுமானவை கிடைக்கும்.

பதிவுப் படிவத்தில் நான்கு கேள்விகள் போதும்: பெயர், துறை, ஆண்டு, விடுதியா பேருந்தா. கடைசிக் கேள்வியின் பதிலை வைத்துத்தான் நடை நேரங்களைப் பிரிக்கப் போகிறோம், அதை விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் உடனே சேர்க்க வேண்டாம். முதல் நடைக்கு வந்தவர்களை மரத்தடியிலேயே சேருங்கள். குழு சிறியதாக இருந்தாலும் கேள்வி கேட்டால் பதில் வரும்.

அந்த நடையிலேயே செல்போனில் eBird செயலியை இறக்கி, மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்க உதவுங்கள். கூட்டமாகப் போகும்போது ஒருவர் மட்டும் பட்டியல் எழுதி, முடித்தபின் மற்றவர்களுடன் அதைப் பகிர வேண்டும். பத்துப் பேர் தனித்தனியே எழுதினால் அதே ஆந்தைகள் பத்து முறை பதிவாகும். அடையாளம் தெரியாத பறவைக்கு ஊகமாகப் பெயர் போட வேண்டாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வந்தவர்களைத் தக்கவைக்க நாட்காட்டி தானாகவே உதவும். செப்டம்பர், அக்டோபரில் தகைவிலான், வாலாட்டி, பழுப்புக் கீச்சான் எல்லாம் வலசை வரத் தொடங்கும். நவம்பர் 12 சாலிம் அலியின் பிறந்த நாள், அதையொட்டி ஒரு நீண்ட நடை வைக்கலாம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள், அதுவும் நல்லதுதான். அவரவர் ஊர்க் கண்மாய்க்கரையில் கால் மணி நேரம் நின்று பட்டியல் போட்டு அனுப்பினால் போதும். பிப்ரவரியில் உலகம் முழுக்க வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாள் கணக்கெடுப்பு நடக்கும். இந்தியாவில் அதோடு சேர்த்துக் கல்லூரி வளாகங்களுக்கெனத் தனியாகவும் ஒரு கணக்கெடுப்பு உண்டு, அதற்கு முன்கூட்டியே வளாகத்தின் பெயரைப் பதிய வேண்டும். நான்கில் இரண்டு நாள் வேலை நாள் என்பதால் பேருந்தில் வருபவர்களும் சாப்பாட்டு இடைவேளையில் பட்டியல் போட்டுவிடலாம். அந்த இரண்டு நாளுக்கும் அணித்தலைவராக முதலாமாண்டு மாணவர் ஒருவரையே போடுங்கள். அடுத்த ஆகஸ்டில் வகுப்பறையில் போய்ப் பேச வேண்டியவர் அவர்தான்.