கிடா விருந்துக்கு எத்தனை கிலோ?

காதுகுத்துக்குக் கிடா வெட்டும் வீட்டில் தலைக்கு எவ்வளவு கறி என்று கேட்டால், ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். தராசில் நிற்கும் பச்சைக் கறியை வைத்துப் பந்தியை எடைபோட்டால், கடைசிப் பந்திக்குக் குழம்பு மட்டும்தான் மிஞ்சும். இலையில் விழவேண்டிய கறியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

கொழுப்பில்லாத பச்சைக் கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். தசைநார்களின் புரதம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடு 50 டிகிரியை நெருங்கும்போது அந்தப் புரதம் உருக்குலைந்து நார்கள் ஒடுங்கத் தொடங்கும். 60 டிகிரியைத் தாண்டியதும், நார்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சவ்வும் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் தண்ணீரை வெளியே தள்ளும். அண்டாவில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றாமல் வதக்கினாலும் கறி தானே நீர்விடுவது இதனால்தான். இன்னும் வேகவிட்டால் சவ்வு கரைந்து கறி மெத்தென்றாகும். போன தண்ணீர் மட்டும் துண்டுக்குள் திரும்பாது. முற்றிய கிடாவில் சவ்வு இறுகியிருக்கும். அது வேக அதிக நேரம் பிடிக்கும், சுருக்கமும் கூடும்.

ஆட்டுக்கறி பதமாக வெந்து முடியும்போது எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எலும்பு தனிக் கணக்கு: கடையில் வெட்டித்தரும் கறியில் கால் பங்கு எலும்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு கிலோ வாங்கினால் 750 கிராம் சதை. வெந்தபின் அது 500 கிராம். பெரியவர் ஒருவர் இலையில் 100 கிராம் வெந்த சதை விழ வேண்டுமென்றால், எலும்போடு 200 கிராம் வாங்க வேண்டும்.

பெரியவர்கள் 220 பேர், பிள்ளைகள் 80 பேர் வரும் விருந்தைப் பார்ப்போம். பெரியவர்களுக்கு 44 கிலோ. பிள்ளைகளுக்குப் பாதி அளவு போதும், அது 8 கிலோ. மொத்தம் 52. சொல்லாமல் வரும் உறவுக்காகப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 57 கிலோ. உயிரெடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி தேறும் என்பதால், 25 கிலோ கிடா ஐந்து வேண்டும். தலை, கால், குடலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை தனிச் சமையல்.

கறியோடு கோழியும் முட்டையும் பரிமாறினால் தலைக்கு 150 கிராம் தாங்கும். குழம்புக்குப் பதில் சுக்கா என்றால் குறைக்கவே கூடாது. குழம்பில் கறி விட்ட நீர் அண்டாவிலேயே நின்று சோற்றோடு இலைக்கு வந்துவிடும். சுக்காவில் அது ஆவியாகி, துண்டு மட்டுமே மிஞ்சும். எதுவானாலும் துண்டு பெரிதாக இருக்கட்டும். பச்சையாக 40 கிராம் இருக்கும் சதைத்துண்டே வெந்தபின் 27 கிராம்தான்.

வாங்கும்போது கழுவிய கறியாக இருந்தால் நீரை வடியவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள்.