சந்தைக்கு வருமுன் ஒரு பொருள்

புதிய பொருளுக்கான யோசனைகள் ஒரு நிறுவனத்துக்குள் பல வழிகளில் வந்து சேரும். விற்பனைப் பிரதிநிதி ஒன்று சொல்வார், கடைக்காரர் ஒன்று கேட்பார், போட்டி நிறுவனத்தின் பொருளைப் பார்த்து இன்னொன்று தோன்றும். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிடுவதுதான் முதல் வேலை. ஒரு யோசனை முன்னே நகர நகர அதற்காகும் செலவும் ஏறும். காகிதத்தில் கைவிட்டால் நஷ்டம் சில மணி நேரம். இயந்திரம் வாங்கியபின் கைவிட்டால் பல லட்சம்.

இந்த முதல் சலிப்பில் இரண்டு வகைத் தவறுகள் நேரும். தகுதியில்லாததை உள்ளே விடுவது ஒன்று. அது பின்னால் எங்காவது பிடிபட்டுவிடும். தகுதியுள்ளதை வெளியே தள்ளுவது மற்றொன்று; அதைப் பெரும்பாலும் யாரும் அறிவதே இல்லை. அமெரிக்காவின் செஸ்டர் கார்ல்சன் 1938-இல் உலர் நகலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஐபிஎம் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் பலவும் அதில் அக்கறை காட்டவில்லை. ஹாலாய்ட் என்ற சிறிய நிறுவனம் உரிமம் பெற்றது 1947-இல். அதுவே பிறகு ஜெராக்ஸ் ஆனது. கையால் எழுதிய படியும் கார்பன் தாளும் போதும் என்று நினைத்தவர்களுக்கு, அலுவலகங்கள் எத்தனை நகல் எடுக்கும் என்று கணிக்க வழியில்லாமல் போயிற்று. இதனால்தான், ‘இதற்கு இப்போது சந்தை இருக்கிறதா’ என்ற ஒரே கேள்வியோடு சலிப்பதை நல்ல நிறுவனங்கள் தவிர்க்கின்றன. செய்ய முடியுமா, விற்க முடியுமா, லாபம் வருமா என்று மூன்றையும் தனித்தனியே மதிப்பிட்டு, அந்த வாய்ப்புகளைப் பெருக்கிப் பார்ப்பார்கள். 0.8, 0.7, 0.5 என்று மூன்று மதிப்பீடுகள் இருந்தால் மொத்த வாய்ப்பு 0.28 மட்டுமே. தனித்தனியே பார்க்கையில் திருப்தியாகத் தெரிவது, சேர்த்துப் பார்க்கையில் நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்த கட்டங்களை விளக்க ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். ஈரோட்டில் மசாலாப் பொடி தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, தண்ணீர் கலந்தவுடன் வார்க்கக்கூடிய கம்பு தோசை மாவைக் கொண்டுவர நினைக்கிறது. ‘கம்பு தோசை மாவு’ என்பது வெறும் யோசனை. யாருக்கு, எப்போது, எதற்காக என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் அது கருத்துரு ஆகிறது. வேலை முடிந்து வருபவர் பத்து நிமிடத்தில் இரவு உணவு தயாரிக்க என்பது ஒரு கருத்துரு. சிறுதானியத்துக்கு மாற விரும்பும் பெரியவர்களின் காலை உணவு என்பது மற்றொன்று. மாவு ஒன்றுதான் என்றாலும் விலை, பாக்கெட் அளவு, போட்டிப் பொருள் எல்லாமே மாறிவிடும். முதலாவது, கடையில் கிடைக்கும் ஈர மாவோடு மோதுகிறது. இரண்டாவது ஓட்ஸோடு மோதுகிறது.

கருத்துருச் சோதனையில் வாடிக்கையாளரிடம் ஒரு பத்தி விளக்கமும் பாக்கெட்டின் படமும் விலையும் காட்டப்படும். புரிகிறதா, நம்ப முடிகிறதா, இப்போது வீட்டில் என்ன செய்கிறீர்கள், இதை வாங்குவீர்களா என்று கேட்பார்கள். ‘நிச்சயம் வாங்குவேன்’ என்பதிலிருந்து ‘நிச்சயம் வாங்கமாட்டேன்’ வரை ஐந்து படிகளில் பதில் வாங்குவது வழக்கம். கேட்பவர் முகத்துக்காக நல்லபடியாகச் சொல்லிவிடுவது மனித இயல்பு என்பதால், ‘வாங்கலாம்’ என்றவர்களை ஆய்வாளர்கள் பெரிதாக நம்புவதில்லை. ‘நிச்சயம்’ என்றவர்களிலும் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள்.

கருத்துரு தேறினால், அது கணக்குக்கு நிற்கிறதா என்று பார்ப்பது வணிகப் பகுப்பாய்வு. அரை கிலோ பாக்கெட்டின் விலை 75 ரூபாய் என்போம். ஸ்டாக்கிஸ்ட், கடைக்காரர் கமிஷன் போக நிறுவனத்துக்கு வருவது 60. தானியம், பாக்கெட், லாரி வாடகை எல்லாம் 42. ஒரு பாக்கெட்டில் மிஞ்சுவது 18 ரூபாய். இயந்திரம், ஆட்கள், விளம்பரம் என ஆண்டுக்கு 18 லட்சம் நிலைச்செலவு என்றால், ஒரு லட்சம் பாக்கெட் விற்றால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும்.

விற்குமா? எட்டக்கூடிய வீடுகள் 2 லட்சம். அவற்றில் பத்து சதவீதம், அதாவது 20,000 வீடுகள், ஒருமுறை வாங்கிப் பார்க்கும் என்று வைப்போம். அதில் பாதி பேருக்குப் பிடித்து, ஒவ்வொருவரும் ஆண்டில் இன்னும் பத்து பாக்கெட் வாங்கினால் மொத்த விற்பனை 1,20,000. லாபம்தான். மறுபடி வாங்குபவர்கள் பாதியாக இல்லாமல் முப்பது சதவீதமாக இருந்தால் விற்பனை 80,000 ஆகிறது. நஷ்டம் 3,60,000 ரூபாய். முதல்முறை வாங்கியவர்கள் இரண்டு கணக்கிலும் அதே 20,000 பேர்தான். அடிக்கடி வாங்கும் பொருளின் தலையெழுத்தை மறுவாங்கல்தான் தீர்மானிக்கிறது. அதை இந்தக் கட்டத்தில் ஊகிக்க மட்டுமே முடியும்.

இதன் பிறகுதான் பொருள் உருவாகிறது. கம்பு மாவு அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். தானியத்தில் உள்ள கொழுப்பை அதன் நொதிகள் சிதைப்பதே காரணம். அரைப்பதற்கு முன் தானியத்தைச் சூடுபடுத்தினால் இது குறையும். ஆனால் எவ்வளவு குறைகிறது என்பதைக் கோடைக்காலத்துக் கடையின் வெப்பத்தில் வாரக்கணக்கில் வைத்துத்தான் அறிய முடியும். அடுத்து, பாக்கெட்டுகளைச் சில வீடுகளுக்குக் கொடுத்து அவர்கள் அடுப்பிலேயே சமைக்கச் சொல்வார்கள். ஆய்வகத்தில் தண்ணீரை அளந்து ஊற்றுவார்கள்; வீட்டில் கண்ணளவுதான். அங்கே தோசை கல்லில் ஒட்டினால், குற்றம் பொருளின் மேல்தான் விழும்.

இந்தச் சோதனைகளில் கேட்காமல் விட்ட கேள்வி என்ன செய்யும் என்பதற்கு கோகோ-கோலா சாட்சி. சுமார் இரண்டு லட்சம் பேரிடம் சுவை பார்த்துவிட்டு 1985 ஏப்ரலில் புதிய கலவையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சோதனையில் புதிய சுவையே பலருக்குப் பிடித்திருந்தது. ஆனால் பழைய கோக் இனிக் கிடைக்காது என்ற நிலையில் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதைச் சுவைச் சோதனை அளக்கவில்லை. எதிர்ப்பு வலுத்து, அதே ஆண்டு ஜூலையில் பழைய கோக் திரும்பி வந்தது.

சோதனைச் சந்தைப்படுத்தலில் பொருள் முதன்முறையாக உண்மையான விலையில், உண்மையான கடையில், விற்பவரின் ஊக்கம் எதுவுமின்றி நிற்கிறது. ஈரோட்டு நிறுவனம் ஓரிரு நகரங்களைத் தேர்ந்தெடுக்கும். மாநிலம் முழுவதற்கும் செலவிடத் திட்டமிட்ட விளம்பரத்தின் அளவுக்கே அங்கும் விளம்பரம் செய்யவேண்டும். ஆர்வத்தில் அதைவிடக் கூட்டிச் செய்தால் வரும் எண்கள் பயன்படாது. முதல் மாத விற்பனையைக் கண்டு மகிழ்வது இன்னொரு பிழை. அது பெரும்பாலும் கடைகளின் அலமாரி நிரம்பிய கணக்கு. வீடுகளுக்குப் போன கணக்கு அல்ல. ஒரு பாக்கெட் மூன்று வாரம் வருமென்றால், மறுவாங்கல் தெரிய நாலைந்து மாதமாவது காத்திருக்க வேண்டும். சில நூறு வீடுகளைத் தொடர்ந்து கண்காணித்து, யார் மறுபடி வாங்கினார்கள் என்று பதிவதே சரியான வழி.

பலர் வாங்கிப் பார்த்து, சிலரே திரும்பி வந்தால் பொருளில் குறை. மீண்டும் ஆய்வகத்துக்குப் போகவேண்டும். சிலரே வாங்கி, அவர்கள் விடாமல் வாங்கினால் பொருள் நல்லது. செய்தி போய்ச் சேரவில்லை, அல்லது கடையில் கிடைக்கவில்லை. மொத்த விற்பனை எண் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். செய்யவேண்டியது நேர் எதிர். இரண்டுமே குறைவாக இருந்தால் நிறுத்திவிடுவது நல்லது.

இந்தச் சோதனைக்கு ஒரு விலையும் உண்டு. நாலைந்து மாதம் கடையில் கிடக்கும் பொருளைப் போட்டியாளரும் வாங்கிப் பிரித்துப் பார்ப்பார். அந்த நகரத்தில் மட்டும் தன் பொருளின் விலையைக் குறைத்து முடிவுகளைக் குழப்பவும் அவரால் முடியும். எளிதில் நகலெடுக்கக்கூடிய பொருளென்றால், ஒரு கூடத்தில் மாதிரிக் கடை அமைத்து, அழைத்து வந்தவர்களிடம் பணம் கொடுத்து வாங்கச் சொல்லி, சில வாரம் கழித்து மறுபடி வாங்குவார்களா என்று விசாரிக்கும் முறையை நாடுவார்கள். செலவும் நேரமும் குறைவு, ரகசியமும் காக்கப்படும். கடைக்காரர் அந்த மாவுக்கு அலமாரியில் இடம் தருவாரா என்பதை மட்டும் அதில் அறிய முடியாது.