இடப்பக்கம் என்றால் மாட்டுக்கு இடப்பக்கம்

‘நிறம்: கறுப்பு வெள்ளை. அடையாளம்: நெற்றியில் வெள்ளை.’ எங்கள் தெருவில் ஒருவருடைய கலப்பினக் கறவைக்கு எழுதிய காப்பீட்டுச் சான்றில் இவ்வளவுதான் இருந்தது. காதில் வில்லை இருந்தவரை யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. ஒருநாள் வேலியில் காது மாட்டிக் கிழிந்து வில்லை தொலைந்தது. உடனே தகவல் சொல்லி வேறு வில்லை போட்டிருக்க வேண்டும். பத்து நாள் தள்ளிப் போட்டார். அதற்குள் மாடு வயிறு உப்பிச் செத்துப்போனது. வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது மாட்டுக் காப்பீட்டில் வழக்கமான நிபந்தனை. சான்றை வைத்தாவது நிரூபிக்கலாம் என்று பார்த்தால், அதில் எழுதியிருந்தது தெருவில் இன்னும் நான்கு மாடுகளுக்குப் பொருந்தியது.

எழுத வேண்டியது நிறத்தின் பெயரை அல்ல, அதன் எல்லைக்கோட்டை. ஹோல்ஸ்டீன் வழி வந்த மாடுகளில் அந்தக் கோடு தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது. நிறமி தரும் செல்கள் கருவின் முதுகோரத்திலிருந்து புறப்பட்டுத் தோல் முழுவதும் பரவுகின்றன. அவை போய்ச் சேராத இடம் வெள்ளையாக நிற்கிறது. வயிறு, கால், நெற்றி, வால்குஞ்சம் ஆகியவை புறப்பட்ட இடத்துக்குத் தொலைவு என்பதால் வெள்ளை அங்கே அதிகம். இந்தப் பரவலில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. ஒரே மரபணு கொண்ட குளோனிங் மாடுகளுக்குக்கூடத் திட்டுகள் அச்சாக ஒத்துவருவதில்லை. கன்று வளரும்போது திட்டும் கூடவே விரியும். ஆனால் எந்த எலும்பின் மேல் இருந்ததோ அங்கேயே இருக்கும். அதனால் திட்டை அங்குலத்தில் அளப்பதைவிட எலும்பை வைத்துச் சொல்வதே நிலைக்கும்.

அந்தப் பசுவின் பழைய செல்போன் படங்களை வாங்கிப் பார்த்தேன். சான்றில் இப்படி எழுதியிருக்கலாம்: ‘இடப்பக்கம்: தலை, கழுத்து, தோள் கறுப்பு, கறுப்பு தோளெலும்புக்குப் பின்னால் முடிகிறது. விலா நடுவில் தனியாக ஒரு கறுப்புத் திட்டு, மாங்காய் வடிவம், கூர்முனை வாலை நோக்கி. இடுப்பெலும்பு முதல் வாலடி வரை கறுப்பு. வலப்பக்கம்: விலாவில் திட்டு இல்லை. நெற்றிச் சுட்டி வலக்கண் பக்கம் சாய்ந்தது, மூக்கைத் தொடவில்லை. வால்குஞ்சம் வெள்ளை.’ ஆறே வரிதான். ‘விலாவில் திட்டு இல்லை’ என்பதும் அடையாளமே. இல்லாததை எழுதப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இடம், வலம் என்பது மாட்டுக்கு இடம், வலம். எதிரே நிற்பவருக்கு அல்ல. முகத்தைப் படமெடுத்துப் பார்த்து எழுதும்போதுதான் இது பெரும்பாலும் தவறுகிறது. இன்னொரு கண்ணி செல்போனிலேயே இருக்கிறது. மாட்டோடு உரிமையாளரும் தெரிய வேண்டும் என்று முன்பக்கக் கேமராவில் எடுத்தால், சில போன்கள் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிச் சேமிக்கும். இடப்பக்கப் படத்தில் மாட்டின் தலை நமக்கு இடப்புறம் இருக்க வேண்டும். திருப்பிய படத்தில் வலப்புறம் போய்விடும். பார்ப்பவர் அதை வலப்பக்கம் என்றே எடுத்துக்கொள்வார், இல்லாத திட்டு அங்கே முளைத்துவிடும். காதுவில்லை எண் இடவலம் மாறித் தெரிந்தால் உடனே பிடிபடும். எண் படத்தில் விழவில்லை என்றால் பிடிக்க வழியே இல்லை. பின்பக்கக் கேமராவில், மாட்டின் விலா உயரத்துக்குக் குனிந்து, இரு பக்கம், முகம், பின்புறம் என்று நாலு படமும், வில்லைக்குத் தனியாக ஒன்றும் எடுத்தால் போதும். சாணம் படிந்த தொடையைக் கழுவி, முடி உலர்ந்தபின் எடுக்க வேண்டும். ஈர முடி நிறத்தை அடர்த்தியாகக் காட்டும்.

திட்டு இல்லாத மாடுகளிடம் இந்த வித்தை செல்லாது. காங்கேயம் கன்று செம்பழுப்பாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் சாம்பலுக்கு மாறுகிறது. காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுக்கும், காயடித்தால் வெளுக்கும். ‘மயிலை’, ‘செவலை’ என்று எழுதினால் எழுதிய நாளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முர்ரா எருமை முழுக் கறுப்பு. அதுவும் தீவனத்தில் தாமிரம் குறைந்தால் பழுப்பேறுகிறது. அங்கே கைகொடுப்பது சுழிதான். ராசி பார்ப்பதற்கென்று நம் மாட்டுத் தரகர்கள் பேர் வைத்துச் சொல்லும் அதே மயிர்ச்சுழிகள். ராசியை நான் நம்புவதில்லை. ஆனால் சுழி இடம் மாறாது என்பதில் தரகர் சொல்வது சரி. நெற்றியில் ஒன்றா இரண்டா, கண்மட்டத்துக்கு மேலா கீழா என்று எழுதலாம். அத்தோடு கொம்பின் வளைவு, வால்குஞ்சத்தின் நிறம். கொம்பு மட்டும் உடையக்கூடியது.

கறுப்பு எருமையை உச்சி வெயிலில் எடுத்தால் முதுகு பளபளத்து, சுழி மறைந்துவிடும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது மயிர் திரும்பும் இடத்தில் சிறு நிழல் விழுகிறது. அந்த நிழல்தான் படத்தில் சுழி.