கணக்கை முடக்கிய பிறகும் திறக்கும் கதவு

ஒரே கடவுச்சொல்லால் மின்னஞ்சல், விடுப்பு, சம்பளச் செயலிகள் எல்லாவற்றுக்குள்ளும் போகும் வசதியைப் பல அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. ஊழியர் வேலையை விட்டதும் மையச் சேவையகத்தில் அவர் கணக்கை முடக்குகிறார்கள். அந்த நொடியே எல்லாச் செயலிகளும் அவருக்கு மூடிவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

உள்ளே நுழைந்ததும் மையச் சேவையகம் இரண்டு டோக்கன்களைத் தருகிறது. அணுகல் டோக்கன் சில நிமிடங்களே வாழும். அது காலாவதியானதும் புதியதை வாங்கித் தருவது புதுப்பிப்பு டோக்கன். பஸ் பாஸில் உள்ள தேதியை மட்டும் பார்க்கும் நடத்துநர்போல, பல செயலிகள் அணுகல் டோக்கனின் கையெழுத்தையும் `exp` நேரத்தையும் மட்டுமே சரிபார்க்கின்றன. கணக்கு இன்னும் இருக்கிறதா என்று மையத்தைக் கேட்பதில்லை.

கீகிளோக் என்ற திறமூல மென்பொருளில் அணுகல் டோக்கனின் இயல்பான ஆயுள் 5 நிமிடம். 10:00 மணிக்கு நுழைந்து, 10:02-க்குக் கணக்கை முடக்கிச் சோதித்துப் பாருங்கள். 10:03-க்கும் சம்பளச் செயலி திறக்கும். இது பிழையல்ல, இந்த அமைப்பின் எல்லை. 10:05-க்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் சோதனை. செயலி புதுப்பிப்பு டோக்கனை அனுப்ப வேண்டும்; மையம் `invalid_grant` என்று மறுக்க வேண்டும்; செயலி தன் அமர்வை அழித்துவிட்டு நுழைவுப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படும் பிழை இங்கேதான். முதல் நுழைவின்போது டோக்கனை ஒருமுறை பார்த்துவிட்டு, செயலி தன் சொந்தக் குக்கியை எட்டு மணி நேரத்துக்கு எழுதிக்கொள்ளும். அதன்பின் டோக்கனைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. 10:30-க்கும் பக்கம் திறந்தால், சேவையகப் பதிவில் 10:05-க்குப் பின் புதுப்பிப்புக் கோரிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட வராமலிருந்தால், செயலி தன் குக்கியை மட்டுமே நம்பி ஓடுகிறது. காத்திருக்க நேரமில்லையென்றால் சோதனைச் சூழலில் ஆயுளை 1 நிமிடமாகக் குறைக்கலாம். ஆனால் சேவையகங்களின் கடிகாரங்கள் ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கடிகாரம் பின்தங்கிய செயலியில் காலாவதியான டோக்கனும் செல்லும்.

வெளியேறுதலிலும் இதேபோல ஏமாறலாம். மின்னஞ்சலில் வெளியேறும் பொத்தானை அழுத்தியதும் நுழைவுப் பக்கம் வந்தால் பலர் தேர்ச்சி என்று குறித்துவிடுகிறார்கள். அங்கேயே மறுபடி ‘உள்நுழை’ என்பதை அழுத்துங்கள். கடவுச்சொல் கேட்காமல் அஞ்சல்பெட்டி திறந்தால், மையத்தின் அமர்வு உயிரோடுதான் இருக்கிறது. பலர் பயன்படுத்தும் கணினியில் அடுத்து வந்து உட்காருபவர் அந்த அஞ்சல்களை வாசிக்கலாம். மைய அமர்வு முடிந்திருந்தாலும் விடுப்புச் செயலியின் பழைய தாவலைத் தனியே புதுப்பித்துப் பார்க்க வேண்டும். மையம் அனுப்பும் வெளியேற்றச் செய்தி அந்தச் செயலியைச் சேர்ந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.