வேகமும் காற்றும் மோதும் நிமிடம்

ஏறும் ராக்கெட்டைக் காற்று அழுத்தும் அளவு, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. தரையருகே காற்று அடர்த்தியானது, ஆனால் வேகம் குறைவு. உயரே வேகம் மிகுதி, ஆனால் காற்று மெலிது. இடையில், பெரும்பாலும் 10 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில், அழுத்தம் உச்சம் தொடுகிறது. அப்போது பக்கக்காற்று சற்றே அடித்தாலும் ராக்கெட்டின் உடல் வளையும். அங்கே வேகம் 10 சதவீதம் குறைந்தால் அழுத்தம் 19 சதவீதம் குறையும்.

அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில், புறப்பட்டுச் சுமார் ஒரு நிமிடத்தில் இந்தக் கட்டத்தைக் கடந்தது. அதற்காக முதன்மை எஞ்சின்களின் உந்துவிசை ஏறத்தாழ 70 சதவீதமாகத் தணிக்கப்பட்டது. திட எரிபொருள் பூஸ்டர்களை இடையில் தணிக்க முடியாது. எனவே 50ஆவது விநாடியளவில் விசை மூன்றில் ஒரு பங்கு குறையும்படி எரிபொருளின் உட்குழி வடிவமைக்கப்பட்டிருந்தது.

மெதுவாக ஏறினால் புவியீர்ப்பை எதிர்க்கவே எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஆகவே உச்சம் கடந்ததும் எஞ்சின்கள் மீண்டும் முழு விசைக்கு உயர்த்தப்பட்டன.